சுண்ணாம்புக்குக் கீழே

தொலைபேசியில் அந்த வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று காதில் ரிசீவரை வைத்தபடியே காத்திருந்தும் பார்த்தாள். பிறகு, "சரிம்மா, நாளைக்கு வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுப்பில் பொங்க இருந்த பாலை இறக்கினாள்.

வாசலில் உட்கார்ந்து துளைபோடும் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"எந்த வீடு அண்ணி?"

"அந்த வீடு."

அவன் மிஷினைக் கீழே வைத்தான். "எந்த வீடுன்னு கேட்டேன்."

"அந்த வீடுன்னு சொன்னேன்."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. போன மழைக்காலம் தொடங்கிய சமயம், அந்த வீட்டு மாடியில் மரத்தைச் சோதிக்கப் போன அவள் கணவன், தரை உடைந்து கீழ்க்கூடத்துக் கல்தரையில் விழுந்து இறந்துபோனான். பழைய வீடுகளில் கரையானும் உளு வண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதுதான் அவர்கள் தொழில். புருஷனும் பெண்டாட்டியும் பார்ப்பார்கள், தம்பிக்காரன் மருந்து அடிப்பான். ஊரில் அவள் கணவனுக்குப் பெயரே 'கரையான்' என்றுதான். "கரையானைக் கூப்பிடுங்கப்பா, கரையான் வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிக்காத வாடிக்கையாளர் இல்லை. அவன் போன பிறகும் அவள் தொழிலை விடவில்லை. விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றாததுதான் காரணம். தைரியசாலி என்று பேசிக்கொண்டார்கள். அதை அவள் மறுக்கவும் இல்லை.

"வேற யாரும் அந்த வேலைய எடுக்க மாட்டேங்கிறாங்களாம்" என்றாள். "பாதிப் பேர் அந்த வீடான்னு கேட்டுட்டு ஃபோனை வச்சுடுறாங்க. மீதிப் பேர் இடிச்சுத் தள்ளுங்கன்றாங்க."

"இடிக்கட்டும். நமக்கென்ன?"

"மாடி மரத்தைக் கரையான் தின்னுட்டே இருக்கு. அந்தம்மா கீழே தனியா குடியிருக்காங்க. இன்னொரு தடவை விழுந்தா?"

கொழுந்தன் துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "நான் வரல அண்ணி" என்றான். மறுநாள் காலையில் வண்டியை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் அவன்தான் காத்திருந்தான். வண்டியின் மேல் உயரமான ஏணி கட்டியிருந்தது.

வீட்டுக்காரம்மா வாசல் கேட் வரைக்கும் வந்து நின்றிருந்தாள். அறுபது தாண்டியவள். வெள்ளைவெளேரென்று துவைத்த புடவை, படிய வாரிய தலை. வாசற்படி முதல் பின்கட்டு வரை தூசு துரும்பு இல்லை. அவளைப் பார்த்ததும் அந்தம்மாவின் கை தானாகக் குவிந்தது. பிறகு கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள வாம்மா. காபி..."

"வேலை முடியட்டும்மா. முதல்ல கூடத்துலேருந்து ஆரம்பிக்கிறோம்."

கூடம் பெரியது. மேலே வரிசையாக உத்தரங்கள், அவற்றின் மேல் பலகை. அதுதான் மாடித்தரை. பின்சுவர்ப் பக்கம் ஒரு மூலையில் பலகை போன இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அதன் நேர்கீழே கல்தரை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேய்த்துக் கழுவியது போல் வெளுத்திருந்தது. கொழுந்தன் அந்தப் பக்கம் பார்க்காமல் சுற்றி வந்தான். அவள் பார்த்தாள். கல். நான்கு கல் சேரும் இடத்தில் ஒரு சிமெண்டுக் கோடு. அவ்வளவுதான் தெரிந்தது.

"முதல்ல முட்டுக் கொடு" என்றாள். கொழுந்தன் இரும்பு முட்டுகளை இறக்கி, சுவரோரமாக உத்தரங்களுக்குக் கீழே குறுக்குக்கட்டை வைத்து, திருகித் தாங்கலாக நிறுத்தினான். அது முடியும் வரை யாரையும் அந்தப் பக்கம் நிற்க விடவில்லை.

பிறகு அவள் டார்ச்சைச் சுவரில் ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தாள். நேராக அடித்தால் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே தெரியும். சாய்த்து அடித்தால் சின்ன மேடு பள்ளமும் நிழல் காட்டும். தரையிலிருந்து கிளம்பி, விரலகலத்துக்கு, ஆறு வளைவதுபோல் வளைந்து, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடம் வரை ஒரு தடம் ஏறிப் போயிருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்புக்குக் கீழே சிவந்த மண் ஒட்டிக்கொண்டிருந்தது.

கரையான் வெளிச்சத்தில் நடக்காது. காற்றுப் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் மண்ணிலிருந்து மரத்துக்குப் போகும் வழியெல்லாம் மண்ணும் எச்சிலும் குழைத்துத் தனக்கென்று ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். அந்த மண்குழாய்தான் அதன் முகவரி. அதைத் தட்டிவிட்டால் கரையான் போய்விடாது, வேறு வழியில் ஏறும். முகவரி மட்டும் நமக்குத் தெரியாமல் போகும்.

அவள் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போது அடித்த சுண்ணாம்பு என்று கேட்கலாம். கேட்கவில்லை. ஏணியைப் போடச் சொல்லி ஏறினாள்.

உத்தரங்களுக்குப் பச்சைப் பெயிண்ட் புதிதாகப் பூசியிருந்தது. திருப்புளியின் பிடியால் நடுவில் தட்டினாள். கெட்டியான சத்தம். தட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் போகப் போக, சத்தம் மாறியது. அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆனது. முனையை வைத்து லேசாகத்தான் அழுத்தினாள். திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது ஈரமண்ணும், அதில் நெளியும் வெள்ளைப் பூச்சிகளும் வந்தன. பெயிண்டும், அதற்குள் காகிதம் போல் ஒரு தோலும்தான் மிச்சம். மரம் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தின் இழைவாக்கில் அடுக்கடுக்காகக் கூடு.

"உயிரோட இருக்கு" என்று கீழே சொன்னாள். "எழுதிக்கோ. பின்சுவர், மூணாவது உத்தரம், சுவர் முனை."

கீழே கொழுந்தன் ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். அவன் பிடித்த பிடியில் அவன் கைநரம்பு புடைத்திருந்தது.

"எழுதிக்கிட்டியா?"

"எழுதறேன் அண்ணி. நீங்க இறங்குங்க, அப்புறம் எழுதறேன்."

பின்சுவரில் இறங்கும் எல்லா உத்தரங்களும் அப்படித்தான் இருந்தன. காரணத்தைத் தேடி வெளியே போனார்கள். மாடிக்கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நடுவில் விரிசல் விட்டு, மழை பெய்த போதெல்லாம் பின்சுவரையே குளிப்பாட்டியிருந்தது. சுவரோரம் பூச்செடிக்காக மண் அணைத்து உயர்த்தியிருந்தது. அன்றைக்கு உடைந்து விழுந்த உத்தரத்தை யாரோ தூக்கி வந்து அந்த ஈரமண்ணின் மேலேயே கிடத்தியிருந்தார்கள்.

"விருந்து வச்சு, தண்ணியும் வச்சு, படுக்கப் பாயும் போட்டிருக்கோம்" என்றான் கொழுந்தன். "கரையானுக்குக் கண்ணு தெரியாதும்பாங்க. தெரிஞ்சா நன்றி சொல்லிட்டுப் போகும்."

அவன் சொன்ன பிறகுதான் எதன் மேல் நின்று பேசுகிறோம் என்று அவனுக்கே உறைத்தது. அவள் குந்தி உட்கார்ந்து அந்த உத்தரத்தின் முனையைத் திருப்பிப் பார்த்தாள். சுவருக்குள் இருந்த பகுதியில் உள்ளங்கை நுழையும் ஓட்டை. சுற்றிலும் விளிம்பு மட்டும். அவள் கணவன் தடித்த ஆள் இல்லை. ஒரு முழங்காலை ஊன்றியிருப்பான், சுவரோரப் பலகையைக் கிளப்பிப் பார்க்க. உத்தர முனையைப் பார்க்கத்தான் அங்கே போயிருப்பான். பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அவளுக்கு இதெல்லாம் வரிசையாகத் தோன்றியது, வேறு யாருடைய வீட்டு விஷயமோ போல. அழுகை வரவில்லை. முனையை அளந்தாள். எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது, எங்கே நல்ல மரம் தொடங்குகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

மாடிக்கு அவள் மட்டும் ஏறினாள். உத்தரங்களின் குறுக்கே கனமான பலகைகளைப் போட்டு, அதன் மேல் நடந்தாள். சுவரோரம் போகவில்லை. மாடியில் இருந்தது கரையான் இல்லை, வேறு தொல்லை. தெருப்பக்க அறையின் உத்தரங்களிலும் கதவு நிலையிலும் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகள். கதவு நிலையைத் தட்டினால் மாவுபோல் நைசான தூள் உதிர்ந்தது. இது உளு வண்டின் வேலை. வண்டு மரத்தின் நுண்துளையில் முட்டையிட்டுப் போகும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித் துளைபோட்டு வெளியே வரும். மண்ணும் வேண்டாம், ஈரமும் அதிகம் வேண்டாம்.

உத்தரங்களில் இருந்த துளைகள் கறுத்து, தூசி அடைந்திருந்தன. என்றைக்கோ வந்து என்றைக்கோ போனவை. திருப்புளியால் குத்தினால் நகக்கண் ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. மேலே இருந்த வெள்ளைப் பகுதியைத் தின்றிருக்கிறது, உள்ளே வைரம் பாய்ந்த மரத்தைத் தொடவில்லை. கதவு நிலையில் மட்டும் துளைகளின் விளிம்பு புதிதாக வெட்டியதுபோல் வெளுத்து இருந்தது.

இறங்கி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரம்மா காபி வைத்தாள். வெளியூரில் இருக்கும் தன் மகனைச் செல்போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

"மொத்தமா கேஸ் அடிச்சிடுங்க" என்றது போன். "வீட்டையே மூடி, ஒரே அடி. எங்க ஆஃபீஸ்ல அப்படித்தான் பண்ணாங்க."

"பண்ணலாம் சார்" என்றாள் அவள். "கேஸ் அடிச்சா அன்னைக்கு மரத்துக்குள்ள இருக்கிறது செத்துடும். வண்டும் சாகும், கரையானும் சாகும். ஆனா கேஸ் போனதும் மரத்துல மருந்துன்னு ஒண்ணும் தங்காது. கரையானோட புத்து உங்க வீட்டுக்குள்ள இல்ல, வெளியே மண்ணுக்குள்ள இருக்கு. அது மறுபடி ஏறி வரும். வண்டு வீடு முழுக்கப் பரவியிருந்தா நானே கேஸ் அடிக்கச் சொல்லியிருப்பேன். இங்க ஒரு நிலையிலதான் உயிரோட இருக்கு."

"அப்போ இடிச்சுட்டுக் கான்கிரீட் போட்டுடலாம்ல?"

"அது உங்க இஷ்டம். ஆனா அதுக்கு அவசியம் இல்ல. சுவர் முனையைத் தவிர மத்த மரம் எல்லாம் கெட்டி."

"நீங்க... உங்களுக்கு..." போன் தடுமாறியது. "அந்த வீட்டை நிக்க வைக்கணும்னு நீங்களே சொல்றீங்களா?"

"மரம் நல்லா இருக்கு சார்" என்றாள் அவள் மறுபடியும். இதைவிட வேறு என்ன சொல்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா முந்தானையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "அவங்க சொல்றபடி செய்யட்டும்பா" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

சொன்னபடி செய்தார்கள். முதலில் தண்ணீர். உடைந்த குழாயை மாற்றி, மழைநீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். செடி மண்ணை வெட்டி எடுத்து, சுவரின் அடி வெளியே தெரியும்படி செய்தார்கள். உடைந்த உத்தரத்தைத் துண்டு போட்டுத் தூரத்தில் எரித்தார்கள். அதைத் தூக்கும்போது மட்டும் கொழுந்தன், "நீங்க உள்ள போங்க அண்ணி" என்றான். அவள் போகவில்லை, ஒரு முனையைத் தானே பிடித்தாள். உள்ளே ஒன்றும் இல்லாததால் கனமே இல்லை.

பிறகு மருந்து. வீட்டின் மூன்று பக்கமும் சுவரோரமாகத் தரையில் துளை போட்டு, மண்ணுக்குள் மருந்து இறக்கினார்கள். பின்பக்கம் சுவரை ஒட்டினாற்போல் கிணறு இருந்தது. அங்கே கொழுந்தன் துளை போடக் கோடு கிழித்தபோது அவள் நிறுத்தினாள்.

"இங்க வேண்டாம். மருந்து கிணத்துக்குள்ள இறங்கிடும். இந்தப் பக்கம் பொறி வைப்போம்."

"பொறி லேட் ஆகுமே அண்ணி."

"ஆகட்டும்."

தேங்காய்மூடி அகலத்தில் மூடிபோட்ட குழாய்களை மண்ணில் புதைத்து, உள்ளே விஷம் கலந்த தீனியை வைத்தார்கள். கரையான் அதைத் தின்று, புற்றில் இருப்பவற்றுக்கும் ஊட்டும். உடனே சாகாது. தோல் உரிக்கும் பருவம் வரும்போது உரிக்க முடியாமல் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் புற்றே காலியாகும். மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும்.

தச்சர் வந்து, தின்ற முனைகளை நல்ல மரம் வரைக்கும் அறுத்து எடுத்து, மருந்து ஊறிய புது மரத்தை இரும்புத்தகடு வைத்து இணைத்தார். முனை சுவரில் ஒட்டாமல், சுற்றிலும் காற்றுப் போகும்படி விட்டு, அடியில் ஈரம் ஏறாத தடுப்புப் பட்டை வைத்து உட்கார வைத்தார். பச்சைப் பெயிண்டை முழுக்கச் சுரண்டினார்கள். பெயிண்டின் மேல் அடித்தால் வண்டைக் கொல்லும் போரான் உப்பு மருந்து மரத்துக்குள் இறங்காது. வெறும் மரத்தில் இரண்டு தடவை பூசி, கதவு நிலையின் துளைகளில் ஊசியால் ஏற்றி, காய்ந்ததும் வார்னிஷ் அடித்தார்கள். நுண்துளை அடைபட்டால் வண்டுக்கு முட்டையிட இடம் இருக்காது.

தினமும் வீட்டுக்காரம்மா சாப்பாடு போட்டாள். தினமும் அவள் சாப்பிட்டாள். உப்பு இருக்கிறதா, காரம் போதுமா என்று கேட்டால், "நல்லா இருக்கும்மா" என்றாள். ஒருநாள் அந்தம்மா உப்பே போடாமல் மறந்திருந்தாள். அன்றைக்கும் நல்லா இருக்கும்மா என்றுதான் சொன்னாள். கொழுந்தன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பேசாமல் உப்பு டப்பாவை நடுவில் தள்ளி வைத்தான்.

கடைசி நாள், வேலைச் சாமான்களை வண்டியில் ஏற்றியபின் அவள் அந்தம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்தாள். எல்லா வீட்டிலும் கடைசியில் சொல்வதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போக முடியாது, வேலையே அதுதான்.

"சுவரோரம் மண்ணு அணைக்காதீங்க. விறகு, அட்டைப்பெட்டி எதையும் சாத்தி வைக்காதீங்க. தண்ணிக் குழாய் ஒழுகுதான்னு மழைக்கு முன்னாடி பாருங்க. பொறி மூடியத் திறக்காதீங்க, நாங்க வந்து பார்ப்போம். கதவு நிலைக்குக் கீழ கறுப்புத் துணி விரிச்சிருக்கேன். துளையைச் சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போட்டிருக்கேன். துணியில தூள் விழுந்தா பெருக்கிடாதீங்க. அப்படியே விட்டுட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க. புதுசா துளை வந்திருந்தாத்தான் வண்டு இருக்குன்னு அர்த்தம்."

"சரிம்மா."

"சுவத்துல மண்ணுக் கோடு மாதிரி ஏதாவது தெரிஞ்சா..." அவள் இங்கே நின்றாள். பிறகு அதே குரலில் சொல்லி முடித்தாள். "தட்டிவிடாதீங்க. அது மேல சுண்ணாம்பு அடிக்காதீங்க. அதை வச்சுத்தான் நாங்க கண்டுபிடிக்கணும்."

வீட்டுக்காரம்மா முதலில் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தவள், பாதியில் ஆட்டத்தை நிறுத்தினாள். அவள் கண் பின்சுவருக்குப் போய், மேலே ஏறி, உத்தரத்தில் நின்றது.

"நான் தட்டிவிட்டேன்" என்றாள்.

அவளும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வர்றார்னு சொன்னதும், ஆள் வச்சு, சுவத்தையெல்லாம் சுரண்டி, சுண்ணாம்பு அடிச்சு, உத்தரத்துக்கெல்லாம் பெயிண்ட்... வெளியாள் வந்து பார்க்கிறப்போ வீடு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு." அந்தம்மா முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "விருந்தாளி வர்ற மாதிரி நினைச்சுட்டேன்மா. அவர்கூட, 'வீட்டை இவ்வளவு சுத்தமா யாரும் வச்சுக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் மேல ஏறினார். உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

"வந்த அன்னைக்குத் தெரிஞ்சுது."

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"என்னாலதானே?" அந்தம்மா எழுந்துவிட்டாள். "சொல்லு. அது இருந்திருந்தா அவர் மேல போயிருக்க மாட்டார். அதானே? வாயைத் திறந்து சொல்லும்மா."

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்தம்மா உட்கார்ந்துவிடுவாள். அவள் யோசித்தாள். யோசிக்க நேரமானது.

"மண்ணுக்குழாயைப் பார்த்திருந்தா அவர் முட்டுக் கொடுக்காம ஏறியிருக்க மாட்டார்" என்றாள். "அது நிஜம். ஆனா கீழேயிருந்து உத்தர முனையைத் தட்டிப் பார்க்காம யாரும் மேல ஏறக் கூடாது. பெயிண்ட் அடிச்சிருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்திருக்கும். எனக்குக் காட்டுச்சு. அவர் தட்டல. அதுவும் நிஜம்."

"ஏணி என்கிட்ட இருந்துச்சு."

வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "உயரமான ஏணி ஒண்ணுதான் இருந்துச்சு. வேற சைட்டுக்கு நான் எடுத்துட்டுப் போயிட்டேன். மத்தியானம் கொண்டாந்து தர்றேன் அண்ணான்னேன். சரிடான்னார். அவருக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு?" அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் கோணி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. வீட்டுக்காரம்மா போய் அவன் முதுகில் கை வைத்தாள். அவளும் அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் அழுவதை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தாள். சேர்ந்து அழ வேண்டும் என்று தோன்றியது. கண் எரியக்கூட இல்லை. கையைப் பார்த்தாள், நகத்துக்குள் வார்னிஷ். தலையில்லாத ஆணி ஒன்று மேசை மேல் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அவர் அவசரப்பட்டார்" என்றாள், கொஞ்சம் சத்தமாக. "எப்பவும் அப்படித்தான். கல்யாணத்தன்னைக்கே எனக்கு முன்னாடி சாப்பிட உட்கார்ந்துட்டார்."

அவர்கள் இரண்டு பேரும் அழுகைக்கு நடுவில் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பொறி பார்க்கப் போனார்கள். முதல் முறை திறந்தபோது தீனி அப்படியே இருந்தது. அடுத்த தடவை பாதி தின்றிருந்தது. கொழுந்தன், "பந்தி களைகட்டுது" என்றான். பிறகொரு தடவை திறந்தபோது உள்ளே மண்ணும், அசையக்கூடத் தெம்பில்லாத, பால்போல் வெளுத்த சில பூச்சிகளும்தான். அதற்கு அடுத்த தடவை அதுவும் இல்லை. கறுப்புத் துணியில் ஆரம்பத்தில் கொஞ்சம் தூள் விழுந்தது. வட்டங்களுக்கு வெளியே புதுத் துளை ஒன்றும் வரவில்லை. பழைய தூள்தான் அதிர்வில் உதிர்ந்திருக்கிறது என்று அவள் சொன்னாள்.

இன்னொரு மழைக்காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் அந்தம்மா கூப்பிட்டாள்.

"தெருப்பக்கச் சுவத்துல ஒரு கோடு ஏறியிருக்கும்மா. நான் தொடல. துடைக்கல. பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன், யாரும் தொட்டுடக் கூடாதுன்னு."

போய்ப் பார்த்தார்கள். உண்மையாகவே அந்தம்மா நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். விரல் நீளத்துக்கு ஈரமான புது மண்குழாய். அவள் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி மட்டும் அதில் கீறினாள். உள்ளே வேலைக்காரக் கரையான்கள் ஓடின, பழுப்புத் தலைச் சிப்பாய்கள் ஓட்டையில் வந்து நின்றன. எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். தெருவில் குழாய் பதிக்க வெட்டியவர்கள், மருந்து இறக்கிய மண்ணைக் கிளறி வாரிப்போட்டுவிட்டுப் புது மண்ணை நிரப்பியிருந்தார்கள். வேலியில் ஓர் ஓட்டை மாதிரி. அந்த இடத்தில் மட்டும் மறுபடி துளைபோட்டு மருந்து இறக்கினார்கள். மரத்தைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கெட்டி. இன்னும் மரத்தை எட்டவில்லை.

"போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள் வீட்டுக்காரம்மா.

"அது போறதில்லம்மா. மண்ணு இருக்கிற வரைக்கும் இருக்கும். வருதான்னு நாமதான் பார்த்துட்டே இருக்கணும்."

"பார்க்கிறேன்" என்றாள் அந்தம்மா. பிறகு, "நீயும் வந்து பாரு. வேலை இல்லாட்டியும் வா" என்றாள்.

அவள் சரி என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் ஓட்டிக்கொண்டே, காவல் நாற்காலியை எதிர்த்துக் கரையான் சங்கத்திலிருந்து கண்டன ஊர்வலம் வரும் என்று என்னவோ சொல்லிக்கொண்டு வந்தான். பதில் இல்லையே என்று திரும்பிப் பார்த்தான். அண்ணி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, பட்டப்பகலில் தூங்கிப்போயிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. அவன் வண்டியைத் திருப்பவில்லை. மெதுவாக, குலுங்காமல், நேரே ஓட்டிக்கொண்டு போனான்.